வாக்குப்பதிவுக்கு முந்தைய வழிபாட்டில் பேசப் போகிறவருக்கு

தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு ஒரு வழிபாட்டு மேடையிலோ, பிரசங்க பீடத்திலோ, சமூகக் கூட்டத்திலோ முதல் தடவையாகப் பேச அழைக்கப்படுபவர் வழக்கமாக இரண்டில் ஒரு வழியை எடுக்கிறார். அரசியல் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று அஞ்சி, கேட்பவர்களின் மனத்தில் அந்த வாரம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை அப்படியே விட்டுவிடுவது ஒரு வழி. வேட்பாளர் பெயரை மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று எண்ணி, மற்ற எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில்தான் அபாயம் அதிகம். ஏனென்றால், பெயர் சொல்லப்பட்டதா என்பதைவிட, அந்தப் பேச்சைக் கேட்டு வெளியே போகிறவருக்குத் தன் விருப்பப்படி வாக்களிக்கும் சுதந்திரம் மனத்தளவில் எஞ்சியிருந்ததா என்பதையே நீதிமன்றங்கள் அழுத்திக் கேட்டிருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள, இந்திய உச்ச நீதிமன்றம் 1959-இல் தீர்த்த ராம் தயாள் எதிர் சந்த் லால் வழக்கு உதவும். பஞ்சாப் சட்டமன்றத் தொகுதி ஒன்றில், நாம்தாரி சீக்கியப் பிரிவின் தலைவர் ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி தம்மைப் பின்பற்றுபவர்களுக்குக் கட்டளை இட்டார் என்பது குற்றச்சாட்டு. சமயத் தலைவர் ஒருவருக்கும் மற்றவர்களைப் போலவே வேட்பாளர்களின் தகுதியைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லவும், ஆதரவு கேட்கவும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவருடைய சொல், மீறினால் இறைவனின் கோபத்துக்கு ஆளாக நேரிடும் என்ற அச்சத்தை ஊட்டி, கேட்பவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிட்டால், அது கருத்து என்ற நிலையைக் கடந்து முறையற்ற செல்வாக்காகிவிடுகிறது என்றது. அந்தத் தேர்தல் செல்லாது என்ற முடிவும் நிலைத்தது. கருத்து எங்கே முடிந்து கட்டளை எங்கே தொடங்குகிறது என்பதைத் தன் பேச்சில் வரிவரியாகக் கண்டுபிடிக்கப் பழகுவதே புதிதாகப் பேச வருபவரின் வேலை. அதற்கான வழிமுறையைக் கீழே சொல்கிறேன்.

எழுத உட்காருமுன்

முதலில், யாருடைய குரலில் பேசப் போகிறீர்கள், எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியம் இந்த மூன்றில் ஒன்று மாறினால் அனுமதிக்கப்பட்டதாகவோ தடைசெய்யப்பட்டதாகவோ மாறிவிடும் என்பதால் இதை மனத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது போதாது.

குரல் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஒரு போதகரோ இமாமோ ஆன்மிகச் சொற்பொழிவாளரோ குடிமகனாகவும் இருக்கிறார். குடிமகன் என்ற முறையில் அவருக்குக் கருத்து உண்டு. ஆனால் பீடத்தில் நிற்கும்போது அவரை அங்கே நிறுத்தியிருப்பது அந்த நிறுவனம். கேட்பவர்களும் அவரை அப்படித்தான் கேட்கிறார்கள். அமெரிக்க வரித்துறை 2007-இல் வெளியிட்ட ஒரு விளக்கத்தில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளால் காட்டியது. ஒரு போதகர் வேட்பாளரின் அலுவலகத்தில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், தாம் திருச்சபையின் சார்பாகப் பேசவில்லை என்ற நிலையில், அவரை ஆதரித்துப் பேசினால் அது அவருடைய சொந்தக் கருத்து. மற்றொரு போதகர் தேர்தலுக்குச் சற்று முன் நடந்த வழக்கமான ஆராதனையில் பல பிரச்சினைகளைப் பற்றிப் பேசிவிட்டு, இறுதியில் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால், அது திருச்சபையின் அரசியல் தலையீடு. இரண்டு பேச்சிலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே. பேசிய இடமும் குரலும்தான் வேறு.

இடம் என்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. இந்தியாவில் தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதித் தொகுப்பு, கோயில், மசூதி, தேவாலயம் உள்ளிட்ட வழிபாட்டு இடங்களைத் தேர்தல் பிரசார மேடையாகப் பயன்படுத்தக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. அதற்கு அப்பால், சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமய நிறுவனத்தின் வளாகத்தை அரசியல் நடவடிக்கைக்காகப் பயன்படுத்தினாலோ, பயன்படுத்த அனுமதித்தாலோ 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடமுண்டு. ஆகவே மேலே சொன்ன 1959 தீர்ப்பைப் படித்துவிட்டு, எனக்குக் கருத்துரிமை உண்டே என்று பீடத்தில் ஏறிப் பேசினால், அங்கே உங்கள் உரிமையைவிட இடத்தின் தடையே முன்னால் வந்து நிற்கும். உங்களை அழைத்த நிர்வாகிகளும் உங்களோடு சேர்ந்தே மாட்டிக்கொள்வார்கள். இதைப் பல பேச்சாளர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1954-இல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தால், வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ தடைசெய்யப்பட்டது. ஆனால் 2025 ஜூலையில் அந்நாட்டு வரித்துறை, ஒரு வழிபாட்டு இல்லம் தன் வழக்கமான வழிபாட்டின்போது தன் சபையாரிடம் சமய நம்பிக்கையின் கண்ணோட்டத்தில் தேர்தலைப் பற்றிப் பேசுவது அந்தத் தடைக்குள் வராது என்ற நிலைப்பாட்டை நீதிமன்றத்தில் எடுத்தது. எழுபது ஆண்டுகளாக நின்ற விதியே இப்படி அசையக்கூடும் என்பதால், முந்தைய தேர்தலுக்கு யாரோ தயாரித்த அறிவுரைத் தாளை நம்பிப் பேசக்கூடாது. உங்கள் நாட்டுத் தேர்தல் ஆணையமோ, அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்போ இந்தத் தேர்தலுக்கு வெளியிட்டுள்ள அறிவிப்பைத் தேடி எடுத்து அதையே வாசியுங்கள்.

தேதி மூன்றாவது. இந்தியாவில் வாக்குப்பதிவு முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு 48 மணி நேரத்துக்குத் தேர்தல் தொடர்பான பொதுக்கூட்டம் நடத்துவதும் அதில் பேசுவதும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி குற்றம். வேறு சில நாடுகளிலும் இத்தகைய அமைதிக் காலம் உண்டு. வாக்குப்பதிவு நாளை மட்டும் பார்த்து, நம் கூட்டம் அதற்கு முந்தைய நாள்தானே என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடியுமானால், அதற்கு இரண்டு நாள் முந்தைய மாலை 6 மணிக்கே கதவு மூடிவிடுகிறது. வார வழிபாடு அந்த இடைவெளிக்குள் விழுந்தால், தேர்தலைத் தொடும் பகுதியை அதற்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்திவிடுவதே நல்லது.

முழுவதும் எழுதுங்கள்

வழக்கமாகக் குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவராக இருந்தாலும், தேர்தல் காலத்தில் பேச்சை முழுமையாக எழுதிவிடுங்கள். இது அலங்காரத்துக்காகச் சொல்வதன்று. பின்னால் புகார் எழுந்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதல் ஆதாரம் அந்தப் பிரதிதான். அதைவிட முக்கியமாக, எழுதிப் பார்க்கும்போதுதான் எந்த வாக்கியம் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எழுதியதை மூன்று கேள்விகளோடு வாசிக்க வேண்டும். இந்த வாக்கியத்தைக் கேட்பவர் ஒரு குறிப்பிட்ட வேட்பாளரையோ கட்சியையோ அடையாளம் கண்டுகொள்வாரா? வாக்கைச் சமயத்தோடும் சாதியோடும் இனத்தோடும் மொழியோடும் இது கட்டிப்போடுகிறதா? ஒரு விதமாக வாக்களித்தால் இறைவனிடமிருந்து பலனோ தண்டனையோ வரும் என்கிறதா? மூன்றில் எதற்கு ஆம் என்று பதில் வந்தாலும் அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டும். மூன்றாவதற்கு ஆம் என்றால் முழுவதுமாக நீக்கிவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துச் செய்து பார்ப்போம். குடிநீர் கெட்டுப்போன ஒரு பகுதியில், அதைப் பற்றிப் பேச விரும்பும் ஒருவர் முதலில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் கெட்டுவிட்டது. ஐந்தாண்டுகளாக இதைக் கண்டும் காணாமல் இருந்தவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். நம்மவர் ஒருவர் இம்முறை நிற்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் இறைவனுக்குப் பயந்தவர் சரியான பக்கத்தில் நிற்பார். தெரிந்தே தவறு செய்பவர் தம் பிள்ளைகளின் காலத்தில் அதற்கு விலை கொடுப்பார்."

முதல் வாக்கியத்தில் குறை எதுவும் இல்லை. தண்ணீர் கெட்டிருப்பது ஓர் உண்மை. அதைச் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டாம். உண்மைதானா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீர்ப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல், கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லிவிட்டால் மற்ற எல்லாமும் அதோடு சேர்ந்து சரிந்துவிடும்.

இரண்டாவது வாக்கியம் ஐந்தாண்டுகள் என்று சொன்ன மாத்திரத்தில் பதவியில் இருப்பவரைச் சுட்டிவிடுகிறது. பெயர் இல்லாதது பாதுகாப்பாகாது. கேட்கும் அத்தனை பேரும் ஒரே ஆளை நினைத்தால் பெயர் சொன்னதாகவே பொருள். மூன்றாவதில் வரும் நம்மவர் என்ற சொல் இன்னும் கனமானது. சமயத்தின் பேரிலோ சாதியின் பேரிலோ வாக்குக் கேட்பதை, மேலே சொன்ன மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு ஊழல் நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. அதில் வரும் அவருடைய சமயம் என்ற சொற்கள் வேட்பாளரின் சமயத்தை மட்டும் குறிக்குமா, வாக்காளரின் சமயத்தையும் குறிக்குமா என்ற கேள்விக்கு, 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வாக்காளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பதும் அதற்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, நம்மவர் என்று வேட்பாளரைச் சொன்னாலும், நம் சமூகத்தவர் எல்லோரும் ஒன்றாக என்று கேட்பவரைச் சொன்னாலும் விளைவு ஒன்றே. பேசுபவர் வேட்பாளரின் ஒப்புதலோடு பேசினார் என்று நிரூபணமானால், வெற்றி பெற்றவரின் தேர்தலே செல்லாமல் போகக்கூடும். நீங்கள் ஆதரிக்க நினைத்தவரையே நீங்கள் வீழ்த்தியதாக முடியும்.

நான் பெயர் சொல்லப் போவதில்லை என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். அது எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. பெயர் ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அறிவிக்கிறது. புகார் கொடுப்பவர் முதலில் மேற்கோள் காட்டப்போவதும் அந்த வரியைத்தான்.

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் முழு நஞ்சும் இருக்கிறது. அதே 123-ஆம் பிரிவு, ஒரு வாக்காளர் இறைவனின் அதிருப்திக்கோ சமயக் கண்டனத்துக்கோ ஆளாவார் என்று அவரை நம்பவைக்க முயல்வதை முறையற்ற செல்வாக்கு என்கிறது. வாக்காளரை மட்டுமன்றி, அவர் அக்கறை கொண்ட வேறு எவரைப் பற்றியும் அப்படி நம்பவைப்பது அதில் அடங்கும். பிள்ளைகளின் காலத்தில் விலை கொடுப்பார் என்ற சொற்கள் அந்த விளிம்பிலேயே போய் நிற்கின்றன. இங்கிலாந்துச் சட்டமும் ஆன்மிகத் தீங்கு என்ற கருத்தை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. 1892-இல் அயர்லாந்தின் மீத் மறைமாவட்ட ஆயர் நல்டி வெளியிட்ட மேய்ப்புக் கடிதத்தை அடுத்து அங்கே இரு தொகுதிகளின் தேர்தல்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. பழைய காலத்து விஷயம் என்று ஒதுக்க முடியாதபடி, 2015-இல் லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தலை ரத்துசெய்த தீர்ப்பிலும், இமாம்கள் பலர் கையெழுத்திட்டு வெளியான கடிதம் ஆன்மிகச் செல்வாக்கு என்ற காரணத்தின்கீழ் இடம்பெற்றது.

இப்போது அதே பகுதியைத் திரும்ப எழுதலாம்:

"நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பரிசோதனை முடிவு சொல்கிறது. இந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் எல்லாக் கட்சியினரும் இருக்கிறார்கள். உங்களிடம் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இதற்கு என்ன செய்வீர்கள், எவ்வளவு காலத்தில் செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் வாக்கு ரகசியமானது. அதை என்னிடமோ வேறு யாரிடமோ சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எப்படி வாக்களித்தாலும் அடுத்த வாரம் இதே இடத்தில் உங்களுக்கு இடம் உண்டு."

பிரச்சினை மழுங்கிப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா வேட்பாளர்களும் பதில் சொல்ல வேண்டியதாகிவிடுவதால் முன்னதைவிட அழுத்தம் கூடித்தான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபையைவிட்டு ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம், இறைத் தண்டனை பற்றிய அச்சத்துக்குக் குறைந்ததன்று. அதை யாரும் வெளிப்படையாக ஊட்டாமலே அது இருக்கும். பேசுபவர் வாய்விட்டு நீக்கினால்தான் அது நீங்கும்.

இருந்தாலும் இந்த மறுபிரதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு வேட்பாளர் மட்டும் தண்ணீரைத் தம் தேர்தல் முழக்கமாக வைத்திருந்தால், தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதே அவருக்குச் சாய்வாகிவிடும். அப்படியானால் சமூகத்தைப் பாதிக்கும் இன்னும் இரண்டொரு பிரச்சினைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்தும் முழக்கச் சொற்களை உங்கள் பேச்சிலிருந்து விலக்குங்கள். தேர்தலுக்கு வெகு முன்பிருந்தே நீங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசிவந்திருந்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கும். வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது முதன்முதலாக ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிப்பவரை யாரும் எளிதில் நம்புவதில்லை.

சொல்லாமல் சொல்பவை

சின்னங்களைக் கொண்டு வாக்களிக்கும் நாடுகளில் அன்றாடச் சொற்களே கட்சிச் சொற்களாகிவிடுகின்றன. கை, தாமரை, உதயசூரியன், இரட்டை இலை ஆகியவற்றை வேறு எந்த மாதத்திலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். தேர்தல் மாதத்தில், இறைவனின் கை நம்மைத் தாங்கும் என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால், கூட்டத்தில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புதான் அடையாளம்: கேட்பவர்கள் சமயச் செய்தியை விட்டுவிட்டு ஒரு கட்சிச் செய்தியைப் பெற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு வாசிக்க வேண்டிய மறைநூல் பகுதியிலேயே அந்தச் சொல் வந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே நியமிக்கப்பட்ட பகுதி அதுதான் என்பதை வாசிப்புப் பட்டியல் காட்டும். நிறுத்தாமல், அழுத்தாமல், கூட்டத்தை நிமிர்ந்து பார்க்காமல் வாசித்துவிட்டுப் போக வேண்டும். நீங்களே பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தால், அந்த வாரத்துக்கு வேறு பகுதி எடுப்பது புத்திசாலித்தனம்.

கையில் எழுதப்பட்ட பிரதி இருந்தும், தவறு பெரும்பாலும் பிரதிக்கு வெளியே நடக்கிறது. கூட்டம் கைதட்டும்போது உற்சாகத்தில் சேர்க்கும் ஒரு வரி, யாரையோ நினைவூட்டும் ஒரு குரல் மாற்றம், முடிவில் செய்யும் மன்றாட்டு ஆகியவை அந்த இடங்கள். மன்றாட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். அதைப் பேச்சாகவே கருதாததால் பேச்சாளர் அங்கே கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுகிறார். ஒரு வேட்பாளருக்காகப் பெயர் சொல்லி மன்றாடுவது, கேட்பவர் காதில் இறைவனே அவரை ஆதரிக்கிறார் என்று விழும். நிற்கும் அனைவருக்காகவும், வாக்குச் சாவடியில் பணி செய்பவர்களுக்காகவும், அமைதிக்காகவும் மன்றாடலாம். பெயர் சொல்லத்தான் வேண்டும் என்றால், வாக்குச் சீட்டில் உள்ள எல்லாப் பெயர்களையும் அதே வரிசையில் சொல்லுங்கள்.

வேட்பாளர் வந்துவிட்டால்

வழிபாட்டின் நடுவே வேட்பாளர் ஒருவர் ஆதரவாளர்களுடன் உள்ளே வருவது தேர்தல் காலத்தில் சாதாரணமாக நடப்பது. அவரும் வழிபட வந்தவர் என்ற உரிமையை மறுக்க முடியாது. ஆனால் அவர் வழிபட வந்தவராகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சை நிறுத்த வேண்டாம், வரவேற்க வேண்டாம், மேடைக்கு அழைக்க வேண்டாம். இதைப் பேச்சாளர் மட்டும் உறுதிசெய்ய முடியாது. வரவேற்புரை சொல்பவர், அறிவிப்பு வாசிப்பவர், ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருப்பவர் ஆகியோரிடம் முந்தைய நாளே பேசி, யார் வந்தாலும் பெயர் அறிவிக்கப்படாது என்று முடிவு செய்யுங்கள். பேச்சாளர் ஒரு மணி நேரம் கட்டிக் காத்ததை, வணக்கத்துக்குரிய நம் வருங்கால உறுப்பினர் நம்மிடையே வந்திருக்கிறார் என்ற ஒரே அறிவிப்பு கவிழ்த்துவிடும். துண்டறிக்கை விநியோகம் வாசலுக்குள் வராமல் பார்ப்பதும் நிர்வாகிகளின் பொறுப்பு. அதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சமயச் சார்பில்லாத பொது மேடையில் வேட்பாளர்களைப் பேச அழைப்பது சட்டம் அனுமதிக்கும் இடங்களில் நல்ல ஏற்பாடு. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் அழைப்பு, ஒரே நேர அளவு, ஒரே கேள்விகள் என்பவை போதும். வராதவரைக் கேலி செய்யாமல், அழைக்கப்பட்டார், வரவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும்.

பணம் வாங்கியவர்களிடம் பேசுவது

வாக்குக்குப் பணம் தருவதும் பெறுவதும் தவறு என்று பீடத்திலிருந்து சொல்லலாம். அது எல்லாக் கட்சிகளுக்கும் பொருந்துவதால் சாய்வு ஆகாது. ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. பணம் கொடுப்பவர் சில சமயம் இறைவன் பெயரிலோ மறைநூலின் மேலோ பிள்ளையின் தலைமேலோ சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார். வாங்கியவர் அதன்பின் சத்தியத்தை மீறினால் பாவம் என்று அஞ்சி அப்படியே வாக்களிக்கிறார். பணம் வாங்குவது பாவம் என்று மட்டும் பேசினால் அவருடைய குற்ற உணர்வு கூடுமே தவிர, கட்டு அவிழாது. தவறான காரியத்துக்காகப் பெறப்பட்ட சத்தியம் உங்களைக் கட்டாது, உங்கள் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்று, உங்கள் சமய மரபில் அதற்கு ஆதாரம் இருந்தால், தெளிவாகச் சொல்லுங்கள். ஆன்மிக அச்சத்தைக் கொண்டு வாக்கைத் திருப்பக்கூடாது என்பது இந்த முழு நெறியின் அடிப்படை; அந்த அச்சத்தை ஏற்கெனவே வேறொருவர் விதைத்திருக்கிறார் என்றால், அதை எடுத்துப்போட சமயப் பேச்சாளரைவிடப் பொருத்தமானவர் வேறு எவரும் இல்லை. நீங்கள் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அதன்பின் ஒரு சொல்லும் சேர்க்காதவரை இது பிழையாகாது.

வாசலில் கேட்கப்படும் கேள்வி

பேச்சு முடிந்து வெளியே வரும்போது ஒருவர் ஒதுக்குப்புறமாக அழைத்து, ஐயா, நீங்கள் யாருக்குப் போடப் போகிறீர்கள், எங்களிடமாவது சொல்லுங்கள் என்று கேட்பார். அன்பினால் கேட்பவரும் உண்டு. கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டிருக்கக் கேட்பவரும் உண்டு. வளாகத்துக்குள் நிற்கும்வரை, என் வாக்கும் உங்கள் வாக்கைப் போலவே ரகசியம் என்பதே போதுமான பதில். நட்பாக ஒரு கண் சிமிட்டல்கூட அன்று மாலைக்குள், அவர் நம்மிடம் சொல்லிவிட்டார் என்று மாறி எல்லா வீடுகளையும் சென்றடையும். உங்கள் சொந்தக் கருத்தைக் குடிமகனாகச் சொல்ல விரும்பினால், சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், நிறுவனத்தின் வளாகத்துக்கு வெளியே, அதன் முகவரித்தாளோ முத்திரையோ உங்கள் பதவிக்குரிய உடையோ இல்லாமல், என் சொந்தக் கருத்து என்று முதலிலேயே கூறிவிட்டுச் சொல்லுங்கள். பெயருக்குக் கீழே பதவியைப் போட்டு, இது தனிப்பட்ட கருத்து என்று அடிக்குறிப்பு எழுதுவது சில நாடுகளில் ஏற்கப்படலாம். ஆனால் வாசிப்பவரில் பெரும்பாலோர் பதவியைத்தான் படிப்பார்கள், அடிக்குறிப்பைப் படிக்கமாட்டார்கள்.

பதிவும் திருத்தமும்

உங்கள் பேச்சை நீங்களே முழுமையாகப் பதிவுசெய்து வையுங்கள். மற்றவர்கள் பதிவுசெய்வதைத் தடுக்க முடியாது. நாற்பது நிமிடப் பேச்சிலிருந்து பன்னிரண்டு விநாடிகளை வெட்டி எடுத்துப் பரப்பினால், அதற்கு மறுப்பாகக் காட்ட உங்களிடம் முழுப் பதிவு இருக்க வேண்டும். இதை எழுதும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பின் வாதத்தைச் சொல்லி மறுக்கும் நடையில், அந்த வாதத்தை ஒரு முழு வாக்கியமாகத் தனியே நிறுத்தினால் அதை மட்டும் வெட்டி எடுப்பது எளிது. சிலர் இப்படிச் சொல்கிறார்கள் என்பதை அதே வாக்கியத்துக்குள் பொருத்திவிட்டால் வெட்டுவது கடினம். நிறுவனத்தின் வலைத்தளத்தில் பேச்சை ஏற்றுவதாக இருந்தால், அமைதிக் காலம் தொடங்கும் முன்பே ஏற்றிவிடுங்கள், இல்லையேல் வாக்குப்பதிவு முடியட்டும் என்று காத்திருங்கள்.

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டீர்கள் என்று பேச்சின் நடுவிலேயே உணர்ந்தால், அங்கேயே திருத்துவதுதான் மிக எளிது: "இப்போது நான் சொன்ன ஒரு வரி இந்த இடத்தில் சொல்லத் தக்கதன்று, அதை விலக்கிக்கொள்கிறேன். யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் முடிவு." அதோடு நின்றுவிட வேண்டும். எந்த வரி, ஏன் சொன்னேன், உண்மையில் என்ன நினைத்தேன் என்று விளக்கப் போனால் அதே செய்தியை இரண்டாம் முறை சொன்னதாகிவிடும். வீட்டுக்குப் போன பிறகு உணர்ந்தால், திருத்தம் அதே சபையாரைச் சென்றடைய வேண்டும். சமூக ஊடகத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அன்று பீடத்தின் முன் அமர்ந்திருந்த முதியவர்களுக்கு அது போய்ச் சேராது. வாக்குப்பதிவுக்கு முன் இன்னொரு வழிபாடு இருந்தால் அதில் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்தின் பெயரில் எழுத்து அறிவிப்பாக, வழக்கமாகச் சபையாருக்குச் செய்தி போகும் வழியில் அனுப்பச் சொல்லுங்கள். தேர்தல் அலுவலரிடமிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால், குறித்த நேரத்துக்குள் பேச்சின் பிரதி, முழுப் பதிவு, திருத்தம் சொன்ன தேதி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பதிவில் இருப்பதற்கும் நீங்கள் எழுதிக் கொடுப்பதற்கும் ஒரு சொல் வேறுபட்டாலும், முதலில் சொன்ன வரியைவிட அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கப்படும் என்பதால், கொடுக்குமுன் பதிவை ஒரு முறை முழுவதும் கேட்டுவிடுங்கள்.